அரை வத்து

வசித்தியின் கையெழுத்தை அவளைவிட நான் அழகாகப் போடுவேன். ஒரு வி, ஒரு என், அதற்குக் கீழே மீன்வால் மாதிரி ஒரு இழுப்பு. பத்து வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் அது வந்துவிடும். வந்ததில் தப்பில்லை. போட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு.

எங்கள் கம்பெனி சுவாவில், வாலு பே பக்கம், துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஜன்னலை உதறிக்கொண்டு போகும் இடத்தில் இருக்கிறது. ஆணி முதல் தண்ணீர்த் தொட்டி வரை விற்கிறோம். ஃபிஜி முழுக்க ஒன்பது கடை, டோங்காவில் ஒன்று, வனுவாட்டுவில் போர்ட் விலாவில் ஒன்று. வருடத்துக்கு இரண்டு கேட்டலாக், மாதத்துக்கு ஒரு நோட்டீஸ், தினமும் மாறுகிற வெப்சைட். இந்த மூன்றிலும் ஒரு சாமானுக்கு ஒரே விலை, ஒரே அளவு, ஒரே மாதிரி எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கும் வசித்திக்கும் வேலை. கேட்பவர்கள் "அவ்வளவுதானா?" என்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த அவ்வளவு எவ்வளவு என்று எங்களுக்குத்தான் தெரியும். கேட்டலாக்கில் பெயின்ட் நாலு லிட்டர் டப்பா என்று இருக்கும், நோட்டீஸில் அதே விலைக்குப் பத்து லிட்டர் டப்பாவின் படம் இருக்கும். கயிறு ஓரிடத்தில் மீட்டர் கணக்கு, இன்னோரிடத்தில் சுருள் கணக்கு. டோங்கா விலைக்கு முன்னால் 'டி' எழுத்து விட்டுப்போய் வெறும் டாலர் குறி மட்டும் நின்றால், வாங்க வருகிறவன் எந்த டாலர் என்று கேட்பான். எல்லாவற்றையும்விட வத்து. வனுவாட்டுக் காசான வத்துவுக்குச் சில்லறை கிடையாது. புள்ளி வைத்து எழுத அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எங்கள் வெப்சைட் ஒரு காலத்தில் எல்லா நாட்டு விலைக்கும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி சைபர் சைபர் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தவள் வசித்திதான்.

நாங்கள் பார்க்கும் முறை இது. ஒருத்தி கையில் விலைப்பிரிவு அனுப்பிய மூலப்பட்டியல், இன்னொருத்தி கையில் அச்சுக்குப் போகிற பக்கம். பட்டியல்காரி ஒவ்வொரு இலக்கமாகச் சத்தம் போட்டுப் படிப்பாள். பக்கக்காரி கண்ணால் தொடர்வாள். பக்கத்தில் எங்கே புள்ளியைப் பார்க்கிறாளோ அங்கே விரல்முட்டியால் மேஜையில் ஒரு தட்டு. நான் "புள்ளி" என்கிற நேரமும் அவள் தட்டும் ஒன்றாக விழ வேண்டும். நான் சொல்லாமல் தட்டு விழுந்தாலும் கோளாறு, சொல்லியும் விழாவிட்டாலும் கோளாறு. கேட்டலாக்கை மூலத்தோடு, நோட்டீஸை மூலத்தோடு, வெப்சைட்டை மூலத்தோடு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது, ஒன்றில் இருக்கிற தப்பு மற்றதற்குச் சாட்சி சொல்லிவிடும். முடிந்ததும் பக்கத்தின் அடியில் இரண்டு கோடு. பட்டியல் என்ற கோட்டில் ஒருத்தி, பக்கம் என்ற கோட்டில் இன்னொருத்தி, பக்கத்திலேயே தேதி. இலக்கம் தப்பினால் பட்டியல்காரி பதில் சொல்ல வேண்டும். குறி, புள்ளி, அளவு தப்பினால் பக்கக்காரி.

எங்கள் இருவரில் பக்கம் எப்போதும் வசித்திதான். அவளுக்கு வாசிப்பது என்றால் உயிர். ரேவாவில் அவர்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் வசனம் வாசிக்கிறவள் அவள்தான். நாற்பத்தெட்டு வயதில் முந்நூறு பேருக்கு மைக் இல்லாமல் வாசிப்பாள். "எங்க பாஸ்டருக்குக் கூட அந்தக் கமா எங்க இருக்குன்னு நான் வாசிச்சப்புறம்தான்டி தெரியும்" என்று பெருமையடித்துக்கொள்வாள். ஜூலையில் எங்கள் பிரிவுக்கு ஒரு தலைமை நாற்காலி போடப்போவதாகவும், அது வசித்திக்குத்தான் என்றும் மானேஜர் நவ்நீல் எங்கள் இருவரிடமும் சொல்லியாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும் ஒரு ஓரத்தில் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மே மாதம் முதல்முறையாக விலா கடை நோட்டீஸையும் சுவாவிலேயே செய்வது என்று முடிவானது. அதுவரை அங்கேயே ஒரு சின்ன அச்சகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை வருவதாக இருந்த பக்கம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் வந்தது. அன்று வசித்தி லீவு. அண்ணன் மகள் பட்டம் வாங்குகிறாள் என்று விடியற்காலை பஸ்ஸில் லௌடோகா போய்விட்டாள்.

ஒருத்தி இல்லாவிட்டால் நவ்நீல் வந்து உட்கார வேண்டும் என்பது விதி. அவரைக் கூப்பிட்டால் பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமாகும். ஒவ்வொரு சாமானுக்கும் கதை கேட்பார். அச்சகத்துக்கு மூன்று மணிக்குள் போக வேண்டும். எனக்கு மறுநாள் வீட்டில் பூஜை, மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மொத்தம் பதினாலே பதினாலு விலை. ஸ்கேலை வைத்து வரிவரியாக மறைத்து, பட்டியலையும் பக்கத்தையும் நானே மாறி மாறிப் பார்த்தேன். நாலு ஒன்பது ஐந்து சைபர், சரி. எட்டு ஒன்பது சைபர் சைபர், சரி. ஒன்று இரண்டு ஐந்து சைபர் சைபர், சரி. பதினாலும் சரி.

பட்டியல் கோட்டில் என் கையெழுத்து. பக்கம் கோட்டில் வி, என், மீன்வால். வெள்ளி என்று தேதி போட்டால் அவள் லீவு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வியாழன் தேதியைப் போட்டேன். பக்கத்தை அனுப்பிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.

அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள், காலை எட்டரைக்கு விலா கடை மானேஜர் ஹாரி டாரி கூப்பிட்டார். நவ்நீல் போனை ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் ஜனங்களின் சத்தம் கேட்டது.

"நவ்நீல், உங்க ஊர்ல அரை வத்து எங்க கெடைக்கும்? சொன்னா நானே வந்து ஒரு மூட்டை வாங்கிட்டுப் போறேன்."

"என்ன சொல்றீங்க?"

"சோலார் விளக்கு நாப்பத்தொம்பது வத்து அம்பது காசாம். நீங்கதான் அடிச்சு அனுப்பியிருக்கீங்க. வாசல்ல நூறு பேர் கையில அம்பது வத்துக் காசோட நிக்கிறாங்க. ஒருத்தன் மீதிச் சில்லறை வேணாம், கடைக்கே வச்சுக்கங்கறான். அவ்வளவு பெரிய மனசு."

நவ்நீல் நோட்டீஸை எடுத்து விரித்தார். நானும் வசித்தியும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தோம். ஒரே நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஃபிஜி நோட்டீஸ்களில் சென்ட்டைப் புள்ளி வைத்து எழுதுவதில்லை. டாலரைப் பெரிதாகப் போட்டு, சென்ட் இரண்டு இலக்கத்தையும் பொடியாக மேலே தூக்கி வைப்பார்கள். கண்ணைக் கவர அப்படி. வடிவமைக்கிற ஸ்டுடியோக்காரன் அதே அச்சில் வத்து விலைகளைக் கொட்டியிருக்கிறான். அது பாட்டுக்குக் கடைசி இரண்டு இலக்கத்தைப் பொடியாக்கி மேலே ஏற்றிவிட்டது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, நாற்பத்தொன்பதும் பொடி ஐம்பதுமாக நிற்கிறது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு வத்து தள்ளுவண்டி நூற்றிருபத்தைந்து. பதினாலும் அப்படியே.

இலக்கம் எல்லாம் சரி. நான் இலக்கத்தைத்தானே பார்த்தேன். எங்கள் நோட்டீஸில் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அது அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லவே இல்லை. வசித்தி எதிரில் இருந்திருந்தால் முதல் விலையிலேயே தட்டு விழுந்திருக்கும். பொடி எழுத்தைக் கண்டால் புள்ளி என்று தட்டுவது அவள் விரலில் ஊறிப்போன பழக்கம்.

ஹாரி பெரிய தாளில் திருத்தம் எழுதி வாசலில் ஒட்டுவதற்குள் முப்பத்தொரு விளக்கும் ஏழு தள்ளுவண்டியும் போய்விட்டன. முதலில் வந்தவர்களுக்குக் கொடுக்காவிட்டால் கண்ணாடியை உடைத்திருப்பார்கள் என்றார். ஸ்டுடியோக்காரனைக் கேட்டதற்கு, நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்ததைத்தான் அச்சுக்கு அனுப்பினோம் என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

நவ்நீல் ஃபைலைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். வசித்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடிக்கோட்டைப் பார்த்தாள். நான் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தேன்.

"என் கையெழுத்துதான்," என்றாள் வசித்தி.

"வியாழக்கிழமை பாத்திருக்கீங்க."

"அன்னைக்கு இருபத்திரண்டு பக்கம் பாத்தோம். டூல்ஸ் பக்கம், பம்ப்பு பக்கம் எல்லாம். ஆர்த்தி, இது எப்ப வந்துச்சு? எனக்கு ஞாபகமே இல்லடி."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "சாயங்காலம் வந்துச்சுன்னு நினைக்கிறேன்" என்றுதான் வெளியே வந்தது. ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யைத் துணைக்கு அனுப்பினேன்.

"அப்ப களைச்சிருப்பேன்," என்று அவளே எனக்காகச் சொன்னாள். "ஐயோ, பதினாலையும் விட்டிருக்கேனே."

இலக்கம் சரி, குறிதான் கோளாறு. அப்படியானால் பதில் சொல்ல வேண்டியவள் பக்கக்காரி. விதி அதுதான். ஜி.எம். ஆக்லாந்தில் இருந்து மூன்று வாரத்தில் திரும்புவார், அவரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும், அதுவரை தலைமை நாற்காலிப் பேச்சு இல்லை என்றார் நவ்நீல். சாயங்காலம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆர்த்திகா, வசித்தியை ஒருவேளை கோடவுன்ல லேபிள் ஒட்டுற இடத்துக்கு மாத்தச் சொல்வாங்க. அப்படி ஆச்சுன்னா இந்த மேஜையை நீங்க பாத்துக்க வேண்டியிருக்கும். சும்மா மனசுல வச்சுக்கங்க" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மூன்று வாரமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் பஸ் ஏறினேன். தினமும் ஒரு சாக்குக் கிடைத்தது. நவ்நீல் பிஸி, மழை, மாதக்கடைசி. உண்மையான சாக்கு ஒன்றுதான். பயம். கவனக்குறைவு என்றால் இடம் மாற்றுவார்கள், கள்ளக் கையெழுத்து என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்காரருக்கு முதுகுவலி வந்ததில் இருந்து என் சம்பளத்தில்தான் வண்டி ஓடுகிறது. இதையெல்லாம் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன். நீதிபதியும் நானேதான், ஆனாலும் ஒருநாள்கூட ஜெயிக்கவில்லை.

வசித்தியோ என்மேல் ஒரு துளி சந்தேகப்படவில்லை. வழக்கம்போலக் காலையில் பாபகாவ் என்கிற மாவுப் பலகாரம் பொரித்து துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பெரிய உருண்டையாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள்.

ஆனால் பக்கம் பார்க்கிறபோது அவள் மாறிவிட்டாள். நான் ஒரு விலை படித்தால் "இரு, இன்னொரு தடவ" என்பாள். தட்டிவிட்டு, சரியாகத்தான் தட்டினோமா என்று குனிந்து பார்ப்பாள். முன்பு ஒரு நாளில் இருபது பக்கம் முடித்தவளுக்கு எட்டுப் பக்கம்கூட நகரவில்லை. இரண்டாவது வாரம் புதுக் கண்ணாடியோடு வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பெருசா ஒண்ணும் இல்ல, பழசே போதும்னார். நான்தான் கேக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு மாத்திட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை வசனம் வாசிக்க மாட்டேன்னு பாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன்டி."

"ஏன் வசி?"

"பதினாலு எடத்துல இருக்கிறது என் கண்ணுக்குத் தெரியல. வேதத்துல ஒரு வரிய விட்டுட்டு வாசிச்சேன்னா? கடவுள் சொல்லாததை நான் சொன்னதா ஆயிடும்ல. வேண்டாம்பா. லிட்டியா சின்னப்பொண்ணு, நல்லா வாசிக்கிறா."

நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அவள் நாற்காலியை நான் எடுத்துக்கொள்வது ஒரு பாவம் என்றால், அவள் கண்ணையே அவளிடம் இருந்து எடுத்துக்கொண்டது எந்தக் கணக்கில் சேரும்? அழுகை வந்தது. அழுது என்ன பிரயோசனம், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் பட்டியலைப் படித்தேன்.

ஜி.எம். வருவதற்கு முந்தின நாள் காலை நவ்நீல் எங்கள் மேஜைக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் ஜூன் மாத விலா நோட்டீஸ். இருபத்தாறு விலை. மூன்று மணிக்கு அச்சுக்குப் போக வேண்டியது.

"எப்படிப் பாக்கிறீங்கன்னு நான் ஒரு தடவை நேர்ல பாக்கணும். அறிக்கையில எழுதணும்ல. நான் இல்லேன்னு நினைச்சுக்கங்க."

"இவ்வளவு பெரிய ஆளை இல்லேன்னு எப்படி நினைக்கிறது?" என்றாள் வசித்தி. குரலில் விளையாட்டு இல்லை, பழக்கத்துக்குச் சொன்னாள்.

நான் படிக்க ஆரம்பித்தேன். "விலா பட்டியல். சோலார் விளக்கு, ஒண்ணு. வத்து. நாலு, ஒன்பது, அஞ்சு, சைபர்."

அவள் கை மேஜைக்கு மேலே நின்றது. விழவில்லை. இந்தத் தடவை ஸ்டுடியோக்காரன் எல்லா இலக்கத்தையும் ஒரே உயரத்தில் வைத்து, ஆயிரத்துக்குக் கமா போட்டு, வி.டி. என்ற குறியைக் கேட்டலாக்கில் இருக்கிற மாதிரியே பின்னால் வைத்திருந்தான்.

"நைலான் கயிறு, பன்னிரண்டு மில்லிமீட்டர், மீட்டருக்கு. வத்து. ஒண்ணு, ஆறு, சைபர்."

"மீட்டருக்கு. சரி."

"சிமென்ட், நாற்பது கிலோ பை. வத்து. ஒண்ணு, நாலு, அஞ்சு, சைபர்."

"கே சின்னது, ஜி சின்னது. சரி."

இப்படியே பதினைந்து போனது. வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்தது. பதினாறாவது, பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்தது.

"தோட்டக் கையுறை, ஒரு ஜோடி. வத்து. ஒண்ணு, அஞ்சு..."

டொக் என்று தட்டு விழுந்தது. நான் மீதி இரண்டு சைபரையும் சொல்லி முடிக்கவில்லை. பதினைந்துக்குப் பக்கத்தில் இரண்டு பொடிச் சைபர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. ஒரு கொசு அளவுதான் இருக்கும்.

நவ்நீல் சிரித்துவிட்டார். "அதை நான்தான் வைக்கச் சொன்னேன் வசித்தி. ஸ்டுடியோல சொல்லி வேணும்னே வச்சது. அச்சுக்குப் போறதுல சரியாத்தான் இருக்கு. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லேன்னு நான் ஜி.எம்.கிட்ட எழுதலாம்ல?"

அவர் அவளைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பாடா என்று இருந்தது. இனி யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. மனுஷ மனசு இருக்கிறதே, அது எவ்வளவு சின்னப் பொந்து கிடைத்தாலும் நுழைந்து தப்பிக்கப் பார்க்கிறது.

வசித்தி சிரிக்கவில்லை. தட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா இன்னும் மோசம் நவ்நீல்."

"என்ன மோசம்?"

"கண்ணு கெட்டுப்போச்சுன்னா பரவாயில்ல, கண்ணாடி போட்டுக்கலாம். இவ்வளவு பொடிசு தெரியிற கண்ணுக்கு அன்னைக்குப் பதினாலு தெரியலேன்னா, நான் பாக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கேன். மனசு எங்கயோ இருந்திருக்கு. ஒண்ணு விட்டா தப்பு. பதினாலு விட்டா அது தப்பில்ல, அது பொய்." புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "என்னைக் கோடவுனுக்கே அனுப்பிடச் சொல்லுங்க. நானே கேட்டேன்னு எழுதுங்க. இந்த மேஜையை ஆர்த்திக்குக் குடுங்க. இவ ஒரு நாளும் அப்படிச் செய்ய மாட்டா."

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் ஒருவேளை நான் அன்றும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என்னை நல்லவள் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு சாட்சி வேண்டுமென்றால் அது வசித்தியாகவா இருக்க வேண்டும்?

"வசி பாக்கல," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் பக்கத்தை வசி பாக்கவே இல்ல. வெள்ளிக்கிழமைதான் வந்துச்சு. அவ லௌடோகா போயிருந்தா. நான் தனியாப் பாத்தேன். இலக்கத்தை மட்டும் பாத்துட்டு விட்டுட்டேன்."

நவ்நீல் மெதுவாகக் கேட்டார், "அப்ப கையெழுத்து?"

"ரெண்டும் நான் போட்டதுதான்."

"தேதி?"

"அதுவும்."

நவ்நீல் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். "நாளைக்கு ஜி.எம். கேக்கிறப்ப இதையே நீங்க சொல்லணும் ஆர்த்திகா. நான் மறைக்க முடியாது" என்றார். சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வசித்தி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவள் ஃபைலை இழுத்து, மே மாதப் பக்கத்தை எடுத்து, அடியில் இருந்த தன் பெயரை வெகுநேரம் பார்த்தாள்.

"என்னோடது மாதிரியே இருக்கு," என்றாள்.

"வசி, மன்னிச்சிரு."

"பாஸ்டர்கிட்டச் சொன்ன அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, ஒரு தடவைதானே தப்பு, அதுக்காக வாசிக்கிறதையே விடுவியான்னு. நான் சொன்னேன், ஆர்த்திகூட இருந்தும் நான் விட்டிருக்கேன், அப்ப என்கிட்டத்தான் ஏதோ கெட்டுப்போச்சுன்னு. ரெண்டு ஞாயிறு கடைசி பெஞ்சில உக்காந்திருந்தேன்டி. அந்தச் சின்னப்பொண்ணு வாசிக்கிறப்ப என் வாய் தானா அசையும், கையால பொத்திக்குவேன்."

அவள் புதுக் கண்ணாடியைக் கழற்றினாள், டப்பாவில் வைத்து மூடினாள், டப்பாவை டிராயருக்குள் போட்டுச் சாத்தினாள். பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜூன் நோட்டீஸைத் தன் பக்கம் திருப்பினாள்.

"படி."

"என்ன?"

"பதினேழாவது. மூணு மணிக்கு அச்சுக்குப் போகணும்ல. படி."

படித்தேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இரண்டு தடவை இருமினேன். அவள் "இன்னொரு தடவ" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அடுத்த பத்து விலையும் பழைய வேகத்தில் போயின. மேஜைமேல் நின்ற அவள் கை அசையவே இல்லை. பிறகு கையுறைக் கட்டம் சரியாக இருக்கிற அச்சுப் பிரதியை எடுத்து, இருபத்தாறையும் முதலில் இருந்து மறுபடி படிக்கச் சொன்னாள். அதையும் படித்தேன்.

முடிந்ததும் பழக்கதோஷத்தில் என் கை பேனாவுக்குப் போனது. அதற்குள் அவள் அதை எடுத்துவிட்டாள். பக்கம் என்ற கோட்டில் தன் முழுப்பெயரையும் எழுதினாள். வசித்தி நைவாலு. எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற மாதிரி நிதானமாக எழுதினாள். அன்றைய தேதியையும் போட்டாள். தாளை என் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"உன்னோடதை மட்டும் போடு," என்றாள்.

போட்டேன். பத்து வருடமாகப் போடுகிற என் சொந்தக் கையெழுத்து, யாரோ பார்த்து எழுதின மாதிரி கோணலாக விழுந்தது.